மரத்துப்போன கால் எப்படி எரியும்?

*"டொக்டர், எங்க அம்மாவுக்கு 57 வயசு. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துல முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. பதினொரு வருஷமா சீனி இருக்கு, மெட்போமின் குடிக்கிறாங்க. மூணு மாசத்துக்கு முந்தி கிளினிக்ல இன்சுலினும் தொடங்கினாங்க. மாசக்கணக்கான சீனிச் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி 12.6ல இருந்து 8.2க்கு இறங்கிடுச்சுன்னு டொக்டர் சந்தோஷப்பட்டாரு. ஆனா ஒன்றரை மாசமா ராத்திரியில ரெண்டு பாதமும் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுன்னு அழுறாங்க. கம்பளி பட்டாலே தாங்க முடியல. பகல்ல பார்த்தா செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம நடந்து வர்றாங்க. 'மரத்துப்போன காலு எப்படி எரியும், அம்மா சும்மா சொல்றாங்க'ன்னு அண்ணன் சொல்றான். பக்கத்து லயத்து அக்கா ரத்த ஓட்டம் இல்லன்னு சொல்லி அடுப்புக்கிட்ட காலை நீட்டச் சொல்றாங்க. இன்சுலின்தான் காரணம், நிறுத்திடுங்கன்னு இன்னும் சிலர். என்ன செய்றது?"*

தங்கச்சி, முதலில் அடுப்படியை நிறுத்துங்கள். சுடுதண்ணீரில் கால் வைப்பதும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஆனால் இது இன்றிரவே நிற்க வேண்டிய விஷயம். இன்சுலினை நிறுத்த வேண்டாம், அதுபற்றியும் எழுதுகிறேன். அப்புறம், அண்ணனிடம் சொல்லுங்கள், அம்மா சொல்வது முழு உண்மை. மரப்பும் எரிவும் ஒரே காலில், ஒரே நேரத்தில் இருப்பதுதான் சீனியால் நரம்பு கெடும் இந்த நோயின் அடையாளமே.

பாதத்தில் தெரிகிற கோளாறு பாதத்தில் மட்டும் நடப்பதில்லை. பெருவிரல் நுனியின் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்பில் ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு உயிரணுவின் நீட்சி. அதன் உடல் இருக்கும் இடம் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் அதிலிருந்து புறப்படும் இழை தொடை, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் தாண்டி விரல் நுனி வரைக்கும் வருகிறது. வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். விரல் நுனியில் உள்ள இழை பழுதடையாமல் இருக்க வேண்டுமானால், அதற்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் இடுப்பிலுள்ள அந்த உடலில் உருவாகி, இழைக்குள்ளேயே பயணம் செய்து வர வேண்டும். வேகமாக வரும் பொருள்கள் நாளொன்றுக்கு 20 முதல் 40 சென்ரிமீற்றர் நகரும். இழையின் கட்டமைப்புக்கான புரதங்களோ நாளொன்றுக்கு சில மில்லிமீற்றர்தான். விரலைத் தொட மாதக்கணக்கில் ஆகும்.

பீலியிலிருந்து ஒரே குழாயில் லயங்களுக்குத் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நீர் கொஞ்சம் குறைந்தாலோ வழியில் எங்காவது ஒழுகினாலோ முதல் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, கடைசி வீட்டில்தான் குழாய் வறண்டுபோகும். சீனி உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்தில் இருந்தும் கால்விரல் முதலில் மரத்துப்போவதற்கு அதுதான் காரணம். எந்த நரம்பு மிக நீளமோ அதன் நுனி முதலில் போகிறது. அதனால்தான் இரண்டு காலிலும் ஏறக்குறைய சமமாகத் தொடங்குகிறது. விரலில் தொடங்கி, பாதத்துக்கு வந்து, கணுக்காலைத் தாண்டி மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது அடுத்த நீளமான நரம்புகளின் முறை வருகிறது. கைவிரல் நுனிகள் மதமதக்கத் தொடங்குவது அப்போதுதான்.

சீனி இந்த நரம்பை எப்படிக் கெடுக்கிறது? தசைக்குள் சீனி போவதற்கு இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். நரம்புக்கு அந்தக் கதவு இல்லை. இரத்தத்தில் எவ்வளவு கூடுகிறதோ அந்த அளவுக்கு நரம்புக்குள்ளும் கூடிவிடும். அளவுக்கு மிஞ்சிய சீனியின் ஒரு பகுதியை நரம்பு சோர்பிட்டால் என்ற வேறொரு சீனியாக மாற்றுகிறது. அது எளிதில் வெளியேறாது. அதைவிட மோசம், இப்படி மாற்றுவதற்குச் செலவாகும் பொருளும், நரம்பு தன்னை இரசாயனச் சேதத்திலிருந்து காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் பொருளும் ஒன்றே. அது தீர்ந்துபோனால் காவல் போய்விடும். கடைசியில் இழைக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிகள் பழுதாகின்றன. நீண்ட இழையில் அனுப்ப வேண்டிய பொருளை அனுப்பச் சக்தி போதாமல் போகிறது. இதோடு, நரம்புக்கே இரத்தம் கொடுக்கும் மயிரளவு நாளங்களின் சுவரும் தடித்துவிடுவதால் ஒட்சிசனும் குறைகிறது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் கொழுப்புக் கூடுதல் எல்லாம் இதை வேகப்படுத்தும்.

பக்கத்து லயத்து அக்கா சொன்ன இரத்த ஓட்டம் இந்த மயிரளவு நாளங்களைப் பற்றியதாக இருந்தால் பாதி சரி. ஆனால் அவர் சொல்ல நினைத்தது காலின் பெரிய நாடியைப் பற்றி. அது அடைபட்டால் நோய் வேறு மாதிரி இருக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும், பாதம் குளிர்ந்துபோயிருக்கும், மேற்பாதத்தில் நாடி தட்டாது. அம்மாவின் எரிவு படுக்கையில் வருகிறது, நடக்கும்போது குறைகிறது என்றால் அது பெரும்பாலும் நரம்பு. நரம்பு கெட்ட கால் தொட்டுப்பார்த்தால் சூடாகவும் இருக்கலாம். தோலின் நாளங்களைச் சுருக்கிவைக்கும் நரம்பும் செயலிழந்துபோவதால் அப்படி. ஆகவே கால் சூடாக இருக்கிறது, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதையும் முழுக்க நம்ப வேண்டாம். பல வருடச் சீனியில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்க முடியும். கிளினிக்கில் நாடியைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, மரத்த கால் ஏன் எரிகிறது?

பாதத்து நரம்பு ஒரே இழை அல்ல, பல இழைகள் சேர்ந்த கட்டு. அதில் தடித்த இழைகள் தொடுதலை, அதிர்வை, பாதம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மூளைக்குச் சொல்கின்றன. செருப்பு கழன்றது அம்மாவுக்குத் தெரியாமல்போனது இவை போனதால்தான். மெல்லிய இழைகள் நோவையும் சூட்டையும் குளிரையும் சொல்கின்றன. இவையும் கெடுகின்றன, ஆனால் கெடும்போது சத்தமில்லாமல் சாவதில்லை. பழுதான இழையில் மின்சமிக்ஞையை உண்டாக்கும் சின்ன வாசல்கள் தாறுமாறாகத் திறந்துகொள்கின்றன. தோலில் நெருப்பு எதுவும் படாமலேயே அந்த இழை தானாகச் சமிக்ஞை அனுப்புகிறது. மூளைக்கு அந்தக் கம்பியில் வரும் எந்தச் செய்தியும் பாதத்திலிருந்து வந்த செய்திதான். பாதம் எரிகிறது என்றே அது எடுத்துக்கொள்கிறது. வெளியே உள்ள சூட்டை அறிய முடியாத அதே இழை இல்லாத சூட்டை அறிவித்துக்கொண்டிருக்கிறது. அம்மா படும் எரிவு உண்மையான எரிவுதான், நெருப்பு மட்டும்தான் இல்லை.

இது மாதக்கணக்கில் நடந்தால் முண்ணாணும் மாறிவிடும். வந்துகொண்டேயிருக்கும் நோவுச் செய்தியால் அது அளவுக்கு மீறிக் கூர்மையாகி, சாதாரணத் தொடுகையையும் நோவாகக் கடத்தத் தொடங்கும். கம்பளி பட்டாலே தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இது. இரவில் கூடுவது ஏன் என்றும் கேட்பீர்கள். பகலில் நடை, வேலை, பேச்சு என்று மூளைக்கு வேறு செய்திகள் நிறைய வருகின்றன. எல்லாம் அடங்கிய பிறகு இது ஒன்று மட்டும்தான் மிஞ்சுகிறது. படுக்கையின் அடிப்பகுதியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கம் திறந்து கவிழ்த்துவைத்து அதன்மேல் கம்பளியைப் போட்டால், துணி பாதத்தில் படாமல் குளிரும் அடங்கும். சின்ன விஷயம், ஆனால் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் தூங்குவதற்கு உதவும்.

இப்போது அடுப்புக்கு வருகிறேன். மலையகத்துக் குளிரில் ராத்திரி அடுப்படியில் கால் நீட்டி உட்காருவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். நல்ல கால்காரருக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் சூடு கூடினால் தன்னாலே காலை இழுத்துக்கொள்வார். அந்த இழுப்பு அம்மாவுக்கு இல்லை. எரிவு இருப்பதால் பாதத்துக்கு உணர்வு இருக்கிறது என்று அவரே நினைப்பார், அதுதான் ஆபத்து. அடுப்பில் காய்ந்த கால் காலையில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு கிளினிக்குக்கு வருவதைக் குளிர் மாதங்களில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். வந்தவர் நடந்தே வந்திருப்பார், வலியே இருக்காது. கொப்புளம் உடைந்து, கீழே தோல் வெளுத்துக் கிடக்கும். சுடுதண்ணீர்ப் போத்தலை காலடியில் வைத்துத் தூங்குவதும், உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால் வைப்பதும் இதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும். குளித்தாலும் கால் கழுவினாலும் தண்ணீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் பாருங்கள். அம்மாவின் கையை நம்ப வேண்டாம், கைவிரலும் தொடங்கியிருக்கலாம். குளிருக்கு இறுக்கமில்லாத கம்பளிக் காலுறை போதும்.

மலையில் இந்தக் காலுக்கு வரும் வேறு ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். பூட்ஸ் அல்லது செருப்பு போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு கூழாங்கல், ஒடிந்த தேயிலைக்கொம்பு, மடிந்துபோன உள்தோல் எதுவாயிருந்தாலும் நாள் முழுக்க மிதித்து வந்தால் மாலையில் புண். இறக்கத்தில் நடக்கும்போது உடம்பின் பாரம் முன்பாதத்தில் விழுகிறது. விரல்களின் அடியில் தோல் காய்த்துத் தடிக்கும். அந்தக் காய்ப்பின் கீழேதான் புண் ஒளிந்து வளரும். அதை வீட்டில் பிளேடால் செதுக்கக் கூடாது. அட்டை கடித்தால் சுண்ணாம்பு தடவும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அது மரத்த தோலைப் பொசுக்கிவிடும். தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. நகத்தால் தள்ளி அகற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரத்தம் நிற்கும்வரை துணியால் அழுத்திப்பிடித்தால் போதும். அப்புறம், வியர்வை நரம்பும் போய்விடுவதால் குதிகால் காய்ந்து பிளக்கும். கழுவித் துடைத்தபின் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

இனி இன்சுலின். சொல்கிறவர்கள் ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை, தேதியைப் பார்த்தால் அவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இன்சுலின் தொடங்கியது மூன்று மாதத்துக்கு முன், எரிவு கூடியது ஒன்றரை மாதத்துக்கு முன். உண்மையில் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் குற்றவாளி இன்சுலின் என்ற மருந்து அல்ல, சீனி இறங்கிய வேகம். பல வருடமாக மிக உயரத்தில் இருந்த சீனி சில வாரங்களில் சட்டென இறங்கினால், ஏற்கனவே நலிந்திருந்த மெல்லிய இழைகள் கொந்தளிப்பது உண்டு. எச்பிஏ1சி மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் இறங்கியவர்களிடம் இது காணப்படுகிறது. இறக்கம் பெரிதாகப் பெரிதாக வாய்ப்பும் கூடும். பொதுவாக இறங்கத் தொடங்கி எட்டு வாரத்துக்குள் எரிவு வரும். அம்மாவுக்கு 12.6 இலிருந்து 8.2, அதாவது 4.4 புள்ளி. காலமும் பொருந்துகிறது. மாத்திரையாலோ, கடும் உணவுக்கட்டுப்பாட்டாலோ இந்த வேகத்தில் இறங்கினாலும் இதேதான் நடக்கும்.

அதற்காக இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும்? சீனி மறுபடி 12க்குப் போகும், பதினொரு வருடமாக நரம்பைத் தின்றதே திரும்பவும் தின்னும். அம்மாவின் மரப்பு மூன்று மாதத்தில் வந்ததல்ல, அது பழையது. எரிவுதான் புதிது. வேகத்தால் வரும் இந்த எரிவு சீனியை நிலையாக வைத்திருந்தால் மாதங்கள் போகப்போகப் பெரும்பாலும் தணிந்துவிடும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். இனிமேல் 8.2 இலிருந்து மேலும் இறக்குவதை மெதுவாகச் செய்யலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. அத்தோடு கண்ணையும் காட்ட வேண்டும். சீனி சட்டென இறங்கும்போது விழித்திரையில் உள்ள பழைய கோளாறும் கொஞ்சக் காலம் மோசமாகலாம். கடந்த ஒரு வருடத்தில் கண்மணியை விரித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். இல்லையென்றால் கண் கிளினிக்குக்கு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சீனிதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பல வருடம் மெட்போமின் குடிப்பவர்களின் குடலில் விற்றமின் பி12 உறிஞ்சப்படுவது குறையும். பி12 குறைந்தாலும் பாதம் இதே மாதிரிதான் மரத்து எரியும். அம்மா பதினொரு வருடம் குடித்திருக்கிறார். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவென்றால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம், இந்தக் கதையில் எளிதாகத் திருத்திவிடக்கூடிய காரணம் இது. அளவு சரியாக இருந்தால், பார்மசியில் கிடைக்கும் சிவப்பு விற்றமின் மாத்திரையை மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவதில் பலன் இல்லை. வைத்தியர் தைரொயிட்டையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்ப்பார். வீட்டில் யாருக்காவது கால் எரிந்து, அவர் தினமும் சாராயம் குடிப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதுவும் தனியாகவே நரம்பைக் கெடுக்கும்.

எவ்வளவு உணர்வு போயிருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இது வலது கால், இது இடது கால் என்று முதலில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவரது கால்விரல் நுனியை ஒன்று அல்லது இரண்டு விநாடி மெல்லத் தொட்டு எடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. வலது பெருவிரல், வலது சின்னவிரல், அப்புறம் இடது பெருவிரல், இடது சின்னவிரல், கடைசியில் வலது நடுவிரல், இடது நடுவிரல். உணர்ந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அந்த விரலை இரண்டாம் தடவை தொட வேண்டாம், உணரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரவில்லை என்றால் அது புண் வரக்கூடிய கால். கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையாலும், அதிரும் இசைக்கவையாலும் இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார்கள்.

ஆறு விரலும் உணர்ந்தால் அண்ணன் சொன்னது சரி என்று ஆகாது. இந்தச் சோதனை தடித்த இழைகளை மட்டும்தான் பார்க்கிறது. மின்சாரத்தால் நரம்பின் வேகத்தை அளக்கும் பெரிய ஆஸ்பத்திரிப் பரிசோதனையும் அப்படித்தான். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் எல்லா அறிக்கையும் நல்லபடியாக வரும், கால் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

எரிவுக்கு மருந்து. பனடோல் இதற்கு அநேகமாக வேலை செய்யாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளும் வேலை செய்யாது, சீனிக்காரரின் சிறுநீரகத்தைக் கெடுப்பதுதான் மிச்சம். நோவு தோலிலோ மூட்டிலோ இல்லை, கம்பியிலேயே இருக்கிறது. ஆகவே கம்பியின் கொந்தளிப்பை அடக்கும் மருந்து வேண்டும். அரசாங்க கிளினிக்கில் வழக்கமாகத் தொடங்குவது அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்கு வந்த மருந்து அது. பெட்டியிலுள்ள தாளைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் பைத்தியம் என்றா நினைக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு நிறுத்திய குடும்பங்கள் உண்டு. நரம்பெரிவுக்குக் கொடுக்கும் அளவு மிகச் சிறியது, வேலை செய்யும் இடமும் வேறு. வாய் காயும், மலச்சிக்கல் வரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். இரவில் எழுந்து வெளியே போகும்போது தலை சுற்றலாம், லயத்து வாசற்படியில் வெளிச்சம் இருக்கட்டும். இருதயத் துடிப்புக் கோளாறோ கண்ணழுத்தமோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அது ஒத்துவராவிட்டால் கபாபென்டின், பிரிகபாலின், டுலொக்செட்டின் என்று வேறு வழிகள் இருக்கின்றன. முதல் இரண்டையும் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவு குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

எதை எடுத்தாலும் இரண்டு நாளில் பலன் பார்க்க முடியாது. அளவை மெல்ல ஏற்றி, சரியான அளவில் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். எரிவு பாதியாகக் குறைந்து, அம்மா தூங்கினால் அது வெற்றி. முழுசாகப் போவது அபூர்வம். சிலருக்கு முதல் மருந்து கேட்காது, இரண்டாவதுதான் கேட்கும். இந்த மருந்துகள் எதுவும் நரம்பை மீண்டும் வளர்ப்பதில்லை, சத்தத்தைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். நரம்பு மேலும் கெடாமல் இருக்கச் சீனியைக் கட்டுப்படுத்துவதுதான் வழி. சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகைக்காரர்களிடம் நடந்து 1993இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், இறுக்கமான கட்டுப்பாடு நரம்புக்கோளாறு வருவதை ஏறத்தாழ 60 வீதம் குறைத்தது. அம்மாவுக்கு உள்ள இரண்டாம் வகையில் அந்தப் பலன் அந்த அளவுக்கு இல்லை, அதனால்தான் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கிறோம். போன மரப்பு திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மருதாணி அரைத்துப் பூசுவதும், நல்லெண்ணெய் தடவுவதும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் செய்யட்டும், தோல் வெடிப்பில்லாமல் இருந்தால் கெடுதல் இல்லை. மருதாணிச் சிவப்பில் புண்ணின் சிவப்பு மறைந்துவிடும் என்பது மட்டும்தான் என் பயம். காரமான தைலங்களை மரத்த தோலில் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து அம்மா எரிவு நின்றுவிட்டது என்று சொல்லக்கூடும். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மருந்தும் நிலையான சீனியும் நரம்பை அமைதிப்படுத்தியிருக்கலாம். அல்லது கத்திக்கொண்டிருந்த மெல்லிய இழைகள் முற்றாகச் செத்துப்போயிருக்கலாம். இரண்டுமே அம்மாவுக்கு ஒரே மாதிரி நிம்மதியாகத்தான் தெரியும். எரிவு நின்றதும் கிளினிக்கை விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து அழுகிய விரலோடு வருபவர்கள் இந்த இரண்டாவது வகை. ஆகவே எரிவு குறைந்த அன்றே ஆறு விரல் சோதனையை மறுபடி செய்து, முந்தியதோடு ஒப்பிடுங்கள். உணராத விரல் கூடியிருந்தால் அது குணம் இல்லை.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்களும் உண்டு. பாதத்தில் கொப்புளம், வெட்டு, சீழ், கருப்பு, நாற்றம் எது கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், போங்கள். ஒரு பாதம் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து சூடானால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், அல்லது உணர்வில்லாத காலில் எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம், அதன்மேல் ஒரு அடியும் நடக்கவிடாதீர்கள். எரிவோ மரப்போ ஒரு காலில் மட்டும் இருந்தாலும், பாதம் தொங்கிப்போனாலும், சில நாளில் மேலே மேலே ஏறினாலும், மலசலம் போவது தெரியாமல்போனாலும் அது நான் மேலே சொன்ன கோளாறாக இல்லாமல் வேறு ஏதோவாக இருக்கலாம். அதைச் சீனி என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

தினமும் மாலையில் உள்ளங்காலைப் பார்ப்பது அம்மாவால் முடியாது, குனிந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. நீங்களோ அண்ணனோ பாருங்கள், அண்ணன் பார்த்தால் இன்னும் நல்லது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு ஆறு விரல் சோதனையை எழுதிய தாளையும், அம்மா குடிக்கும் எல்லா மாத்திரைகளையும், அவர் தினமும் போடும் பழைய செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். செருப்பின் அடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அடுத்த புண் எங்கே வரப்போகிறது என்று டொக்டருக்கு ஓரளவு தெரிந்துவிடும்.